கல்யாணமான முதல் இரண்டு வருஷம்

1981-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் முதல் முறையாகக் கல்யாணம் செய்துகொண்ட 168 தம்பதிகளைத் தேர்ந்தெடுத்து, டெட் ஹஸ்டன் என்ற ஆய்வாளரின் குழு ஒரு காரியம் செய்தது. மாலை வேளையில் அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, கணவனிடம் தனியாகவும் மனைவியிடம் தனியாகவும் பேசினார்கள். "உங்கள் இல்லறம் இனிமையாக இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அன்றைய மனநிலையைப் பொறுத்துத்தான் பதில் வரும். கடந்த 24 மணி நேரத்தைப் பற்றி மட்டும் விசாரித்தார்கள். பாத்திரம் கழுவியது யார்? சேர்ந்து உட்கார்ந்து பேசினீர்களா? உங்களைப் பாராட்டி ஏதாவது சொன்னாரா? கட்டிப்பிடித்தாரா? சிரிக்க வைத்தாரா? எரிந்து விழுந்தாரா? நீங்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் போனாரா?

ஒரு சுற்றுக்கு ஒன்பது மாலைகள் இப்படிக் கேட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒரு சுற்று, முதல் ஆண்டு நிறைவை ஒட்டி ஒன்று, இரண்டாம் ஆண்டு நிறைவை ஒட்டி இன்னொன்று. பிறகு பல ஆண்டுகள் விட்டு, யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்துவிட்டார்கள் என்று தேடிப் போய்ப் பார்த்தார்கள். புதுமணத் தம்பதிகளின் அந்தத் தித்திப்பான காலத்தைப் பற்றி இன்று நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய பல விஷயங்கள் இந்த ஆய்விலிருந்து கிடைத்தவை.

முதல் ஆண்டு முடிவில் கிடைத்த தகவலே நாம் பொதுவாக நினைப்பதற்கு மாறாக இருந்தது. மோகம் தீர்ந்ததும் சண்டை ஆரம்பித்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அந்த வீடுகளில் சண்டையும் சிடுசிடுப்பும் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடவில்லை. குறைந்தது வேறு. தொட்டுப் பேசுவது, பாராட்டுவது, சிரிக்க வைப்பது, "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்வது ஆகிய சின்னச் சின்னப் பிரியங்கள் மளமளவென்று குறைந்திருந்தன. சேர்ந்து கழிக்கும் நேரமும் தன்மை மாறியிருந்தது. முன்பு ஊர் சுற்றவும் அரட்டையடிக்கவும் போன பொழுது இப்போது வீட்டு வேலைக்கும் கடைகண்ணிக்கும் போனது. புதிதாகக் கசப்பு எதுவும் வந்து சேரவில்லை, இருந்த இனிப்புதான் குறைந்துகொண்டே வந்தது.

இதை நம் ஊர் வீடு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். தாம்பரம் பக்கம் ஒரு வாடகை வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். கல்யாணமான இரண்டாம் மாதம். அவள் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே அவன் ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்கிறான். வழியில் ஒரு டீ. வீட்டில் அவள் சப்பாத்தி தேய்க்க, அவன் கல்லில் போட்டு எடுக்கிறான். ஒரு பக்கம் கருகிய சப்பாத்தியைப் பார்த்து இருவரும் சிரிக்கிறார்கள். ஆபீசில் மேனேஜர் சொன்ன ஒரு சொல்லை அவள் மூன்று தடவை சொல்கிறாள், அவன் மூன்று தடவையும் கேட்கிறான்.

பதினெட்டாம் மாதம். அவள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறாள். "என்னங்க, கேஸ் புக் பண்ணிட்டீங்களா?" "மறந்துட்டேன்மா, நாளைக்குப் பண்றேன்." சப்பாத்தியை அவளே தேய்த்து அவளே சுடுகிறாள், அவன் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறான். மேனேஜர் கதையை அவள் ஆரம்பிக்கிறாள். "ம்" என்கிறான், கண் மொபைலில். சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆனால் ஹஸ்டனின் குழு அன்று மாலை கூப்பிட்டிருந்தால், பாராட்டு, தொடுகை, சிரிப்பு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் "இல்லை" என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

எதுவும் உடையவில்லை என்பதால் இந்தக் குறைவு கண்ணில் படுவதில்லை. ஸ்டேஷன் வாசலில் அவன் நிற்காமல் போன முதல் நாளுக்கு நியாயமான காரணம் ஏதோ இருந்திருக்கும். மீட்டிங்கோ மழையோ இருந்திருக்கலாம். இரண்டாம் நாளும் அப்படித்தான். பிறகு அதுவே வழக்கமாகிவிடும்.

குழந்தை பிறப்பதால்தான் இந்த மாற்றம் என்று ஒரு பேச்சு உண்டு. ஹஸ்டனின் குழு அதையும் சோதித்தது. அந்தக் காலத்துக்குள் குழந்தை பெற்றவர்களிடம் பிரியம் எவ்வளவு குறைந்ததோ, ஏறத்தாழ அதே அளவுதான் குழந்தை பெறாதவர்களிடமும் குறைந்தது. குழந்தை வந்தபின் வீட்டு வேலை கூடுகிறது, அந்த வேலையில் பெரும்பங்கு பெண்ணின் தலையில் விழுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் மன வருத்தம் அதிகமாக இருந்தது எங்கே என்றால், வேலையை இப்படித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் மனதில் நினைத்திருந்ததும் வீட்டில் நடந்ததும் ஒத்துப்போகாத இடங்களில்தான். 'சரிபாதி' என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டவள் முழுச் சமையலையும் பார்த்தால் மனம் கசக்கும். சமையல் தன் பொறுப்பு என்று நினைத்திருப்பவளுக்கு அதே சமையல் அவ்வளவு கசக்காது. ஆகவே வீட்டு வேலையைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே பேசிவிடுவது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும் குடும்பங்கள் இந்த ஒரு பொருத்தத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

உடம்புக்குள் நடப்பதையும் கொஞ்சம் பார்ப்போம். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் டொனாடெல்லா மராட்சிட்டி என்ற மனநல மருத்துவர் 1999-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். கடந்த ஆறு மாதத்துக்குள் காதலில் விழுந்து, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது அந்த ஆளையே நினைத்துக்கொண்டிருந்த 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தார். எண்ணச் சுழல் நோயாளிகள் 20 பேரின் ரத்தத்தையும் அதோடு ஒப்பிட்டார். பூட்டினோமா பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்களே, அந்த நோய்தான். செரோட்டோனின் என்ற ரசாயனத்தைக் கையாளும் புரதம் இரண்டு குழுவினரிடமும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. 12 முதல் 18 மாதம் கழித்துக் காதலர்களில் சிலரைத் திரும்பவும் சோதித்தபோது, அளவு பழையபடி சாதாரண நிலைக்கு வந்திருந்தது. காதல் போய்விடவில்லை, ஆனால் ஒரே ஆளையே நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்த மனம் அடங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் பிறகு அதே நாட்டில் வேறு ரசாயனங்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் ஒன்று முதல் இரண்டு ஆண்டு என்ற கணக்கே வந்தது.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கு தாலி கட்டிய நாளிலிருந்து ஓடுவதில்லை, மனம் மயங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. மூன்று வருஷம் காதலித்துக் கல்யாணம் செய்தவர்களுக்கு அந்த வேகம் மணமேடைக்கு வருமுன்பே அடங்கியிருக்கலாம். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தில், நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே ஆறு மாதம் விடிய விடிய போனில் பேசியவர்களுக்கு அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. "கல்யாணத்துக்கு முன்னாடி எவ்வளவு பேசினார், இப்ப பேசவே மாட்டேங்கிறார்" என்ற பெண்களின் குறை நியாயமானது. ஆனால் அதை ஏமாற்று என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை.

யார் பிரிந்தார்கள்?

எல்லோருக்கும் இந்த இறக்கம் ஒரே மாதிரி வருகிறதா என்றால், இல்லை. கல்யாணமான முதல் 30 மாதங்களில் தம்பதிகளின் மனநிறைவைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உயரத்தில் தொடங்கிச் சரசரவென்று கீழே இறங்கியவர்கள் ஆண்களில் 14 சதவீதமும் பெண்களில் 10 சதவீதமும்தான். பெரும்பாலானவர்களின் மனநிறைவு நல்ல நிலையிலேயே நின்றது. கொஞ்சலின் எண்ணிக்கை குறைவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிறது. 'இந்தக் கல்யாணமே தப்போ' என்ற அளவுக்குப் போவது கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கொஞ்சம் பேரை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா? இங்கேதான் ஹஸ்டனின் நீண்ட காத்திருப்புக்குப் பலன் கிடைத்தது. 13 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, அந்தத் தம்பதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மணமுறிவு பெற்றிருந்தார்கள். சீக்கிரமே பிரிந்தவர்களில் பலரிடம் ஆரம்பத்திலேயே அன்பு குறைவு, உரசல் அதிகம். அது எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காத இன்னொரு கூட்டம் இருந்தது. ஏழு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்துப் பிறகு பிரிந்தவர்கள் அவர்கள். பழைய குறிப்புகளைப் புரட்டினால், புதுமணத் தம்பதிகளாக இருந்தபோது அத்தனை பேரிலும் அதிகமாகக் கொஞ்சியவர்கள் இவர்கள்தான். இன்றைக்கும் நிறைவாகச் சேர்ந்து வாழ்கிறவர்கள்கூட அன்று அந்த அளவுக்குக் கொஞ்சவில்லை.

இவர்களைப் பிரித்தது உயரம் அல்ல, இறங்கிய வேகம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இவர்களுடைய பிரியம் தடாலென்று விழுந்திருந்தது. சேர்ந்திருந்தவர்களுக்கும் குறைந்தது, ஆனால் மெல்லக் குறைந்தது. மிதமான அன்போடு தொடங்கி, அதில் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் நிலைத்தார்கள். உச்சத்தில் தொடங்கியவர்கள் உச்சத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து இறங்கிய ஒவ்வொரு படியும் அவர்களுக்கு இழப்பாகத் தெரிந்தது. ஹஸ்டன் இதை நம்பிக்கைக் குலைவு என்ற பொருளில்தான் விளக்குகிறார். இணையைப் பற்றி மனதில் வரைந்த படம் பொய்யாகிப்போகிறது என்ற எண்ணம் சண்டையைவிட ஆழமாக அரிக்கிறது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இவர்கள் அமெரிக்காவின் ஒரு வட்டாரத்துத் தம்பதிகள், பெரும்பாலும் தாங்களே தேர்ந்தெடுத்து மணந்தவர்கள். பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணத்தில் கதை வேறாக இருக்குமா என்ற கேள்வி இயல்பாகவே வரும். ஜெய்ப்பூரில் உஷா குப்தா, புஷ்பா சிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1982-ல் 50 தம்பதிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். காதல் மணம் புரிந்தவர்களின் அன்பு ஐந்து ஆண்டுக்குப் பிறகு இறங்குமுகமாகவும், நிச்சயித்த மணத்தில் அன்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறுமுகமாகவும் தெரிந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் இதை உடனே கையில் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரே தம்பதியைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு அல்ல அது. ஒரு ஆண்டு ஆனவர்கள், ஐந்து ஆண்டு ஆனவர்கள், பத்து ஆண்டு ஆனவர்கள் என்று வெவ்வேறு ஆட்களை ஒரே சமயத்தில் கேட்டு ஒப்பிட்டது. 50 தம்பதிகளை அத்தனை பிரிவுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் இருப்பார்கள். நிச்சயித்த கல்யாணத்தில் அன்பு வளர முடியும் என்பதற்கு அது சாட்சி. எப்போதும் வளரும் என்பதற்கு அல்ல.

உறவோடு போன பயணம்

புதுமணத் தம்பதியை இருவராக ஊருக்கு அனுப்பும் வழக்கம் அவ்வளவு பழையது அல்ல. ஆங்கிலத்தில் தேனிலவு என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. ஆனால் அன்று அது ஊர் சுற்றுவதைக் குறிக்கவில்லை. முதல் மாதத்து இனிமையையும், நிலவு போலவே அது தேயும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் அன்றைய அகராதிக்காரர்கள் விளக்கம் எழுதினார்கள். ஒரு மாதம் முழுக்கத் தேன் மது குடித்ததால் வந்த பெயர், பெண்ணைக் கவர்ந்துபோய் ஒரு மாதம் ஒளித்துவைத்ததால் வந்த பெயர் என்றெல்லாம் சுற்றும் கதைகளுக்குப் பழைய ஆவணங்களில் ஆதாரம் கிடையாது.

பயணம் சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனின் வசதியான குடும்பங்களில்தான். அப்போதும் அது தனிமைப் பயணம் இல்லை. கல்யாணத்துக்கு வர முடியாத உறவினர் வீடுகளுக்கு ஜோடியாகப் போய்வருவது. மணப்பெண்ணின் தங்கையோ தோழியோ கூடவே போவதும் உண்டு. நூற்றாண்டு நகர நகர, ரயில் பாதைகள் பரவப் பரவ, உறவினர் வீடு நழுவி ஹோட்டலும் ஏரிக்கரையும் இத்தாலியும் அந்த இடத்துக்கு வந்தன. விக்டோரியா காலத்துத் தம்பதிகளின் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படித்து எழுதிய ஹெலெனா மிச்சி என்ற பேராசிரியர் இந்தப் பயணத்துக்கு ஒரு வேலை இருந்தது என்கிறார். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று இருந்த மனதைக் கணவன் அல்லது மனைவி பக்கம் திருப்புவதுதான் அந்த வேலை.

எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. விக்டோரியா அரசியே 1840 பிப்ரவரி 10 அன்று ஆல்பர்ட்டை மணந்துகொண்டு வின்ட்சர் கோட்டையில் மூன்று நாள்தான் இருந்தார். நாடாளுமன்றம் கூடியிருக்கும்போது அதற்கு மேல் லண்டனை விட்டு விலகியிருக்க முடியாது என்று கல்யாணத்துக்கு முன்பே ஆல்பர்ட்டுக்கு எழுதிவிட்டார். அமெரிக்காவில் நயாகரா அருவிக்கு 1801-லேயே, துணை அதிபராக இருந்த ஆரன் பர்ரின் மகள் தியோடோசியா புதுக் கணவருடன் போனார். 1825-ல் ஈரி கால்வாய் திறந்து, பின்னால் ரயிலும் வந்த பிறகுதான் சாதாரணத் தம்பதிகள் அங்கே போக முடிந்தது.

நம் பக்கம் இந்த வழக்கம் வர இன்னொரு தடை நீங்க வேண்டியிருந்தது. பால்ய விவாகம் நடந்த குடும்பங்களில், கல்யாணத்துக்கும் சேர்ந்து வாழ்வதற்கும் நடுவே வருஷக்கணக்கில் இடைவெளி இருந்தது. தாலி கட்டிக்கொண்ட சிறுமி வயதுக்கு வரும்வரை பிறந்த வீட்டிலேயே இருப்பாள். சாந்தி முகூர்த்தம் தனியாக இன்னொரு நாளில் நடக்கும். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயதை வரம்பாக வைத்தது. 1978-ல் அது 18 ஆனது. படித்து, வளர்ந்து, வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஆன பிறகுதான் முகூர்த்தமும் முதல் இரவும் ஒரே நாளில் சேர்ந்தன. சம்பளமும் லீவும் உள்ள நடுத்தரக் குடும்பங்கள் பெருகின. மேட்டுப்பாளையத்திலிருந்து 1908 முதலே ஊட்டிவரை ஏறிக்கொண்டிருந்த மலை ரயிலில் புதுத் தம்பதிகளும் ஏறினார்கள். 1961-ல் ஸ்ரீதர் 'தேனிலவு' படத்தைக் காஷ்மீரில் எடுத்தபோது, ஆசையாகவாவது அந்த எண்ணம் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது.

அதற்காக, புதுத் தம்பதிக்குத் தனிமை வேண்டும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் இரண்டாம் காதையான மனையறம்படுத்த காதை முழுக்க அதுதானே. கோவலனும் கண்ணகியும் மாடத்தில் மகிழ்ந்திருந்த காலத்தைச் சொல்லி, கோவலனின் தாய் அவர்களைத் தனிக்குடித்தனம் வைத்ததையும், சில ஆண்டுகள் நல்லபடியாகக் கழிந்ததையும் இளங்கோ சொல்கிறார். அடுத்த காதையிலேயே மாதவி வந்துவிடுகிறாள். அந்த முதல் ஆண்டுகளின் இனிமை மட்டும் ஒரு கல்யாணத்தைத் தாங்கிப் பிடித்துவிடாது என்பதை அந்த இரண்டு காதைகளும் அடுத்தடுத்து நின்று காட்டுகின்றன.

பொதுவாக நம் சடங்குகள் தம்பதியை ஒரே மூச்சில் பத்து நாள் தனியே அனுப்பிவிடுவதில்லை. முதல் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கின்றன. மறுவீட்டு அழைப்பு, பெரியப்பா வீட்டிலும் அத்தை வீட்டிலும் விருந்து, தாலி பிரித்துக் கோர்ப்பது, தலைதீபாவளி, தலைப்பொங்கல் என்று அது நீளும். பிரிட்டனில் ஒரு காலத்தில் இருந்து மறைந்துபோன உறவினர் வீட்டுப் பயணம் நம்மிடம் விருந்து என்ற பெயரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நடுவே ஆடி மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவிடுவார்கள். ஜூலை நடுவில் கருத்தரித்தால் ஏப்ரல் நடுவில், சித்திரை வெயிலில் பிரசவம் வரும். மின்விசிறியும் மருத்துவமனையும் இல்லாத காலத்தில் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றுதான் இதற்குப் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இரண்டு மூன்று மாதத்துக்கும் இருவரையும் அன்றாடத்திலிருந்து வெளியே இழுத்து, புதுத்துணி உடுத்தி, ஜோடியாக உட்காரவைத்து, அவர்கள் புதுசு என்பதை நினைவுபடுத்துகிறது. ஆனால் குறையும் இருக்கிறது. சீர் என்ற பெயரில் பெண் வீட்டின் மேல் விழும் செலவு ஒன்று. ஆடிச் சீருக்கும் தலைதீபாவளி மோதிரத்துக்கும் கடன் வாங்கிய அப்பாவை நினைத்துக்கொண்டே விருந்து சாப்பிடும் பெண்ணுக்கு அந்த நாள் இனிக்காது. இன்னொன்று, எங்கே போனாலும் சுற்றிலும் ஆட்கள். இருவரும் மனம்விட்டுப் பேசும் நேரம் அந்தக் கூட்டத்தில் கிடைக்காது. "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி வேறு மூன்றாம் மாதத்திலிருந்தே துரத்த ஆரம்பித்துவிடும்.

எதைக் காப்பாற்றலாம்?

முதல் ஆறு மாதத்து மயக்கத்தை அப்படியே தக்கவைக்க முடியாது, தேவையும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தும் 'இன்னும் இவர்மேல் எனக்கு அதே ஆசை' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 17 பேரின் மூளையை, இணையின் புகைப்படத்தைக் காட்டி ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். பியான்கா அசெவெடோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் செய்த அந்த ஆய்வில், புதுக் காதலர்களின் மூளையில் விழித்துக்கொள்ளும் அதே ஆசைப் பகுதி இவர்களிடமும் விழித்திருந்தது. புதுக் காதலில் வரும் பதற்றம் மட்டும் இல்லை. ஆக, எல்லோருக்கும் அணைந்தே தீரும் என்ற விதியும் கிடையாது.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை ஒரு வழியைக் காட்டுகிறது. பல காலம் சேர்ந்திருக்கும் ஜோடிகளைக் கூப்பிட்டு, இருவரின் கையையும் காலையும் ஒன்றோடொன்று பட்டையால் கட்டினார்கள். ஒரு தலையணையைக் கையால் பிடிக்காமல் இரண்டு உடம்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தரைவிரிப்பில் தவழ்ந்து, குறுக்கே கிடக்கும் தடையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஏழு நிமிஷம். வேறு ஜோடிகளுக்கு ஒரு பந்தை மெதுவாக உருட்டிப் போய் வைக்கும் சலிப்பான வேலை. தவழ்ந்து, விழுந்து, சிரித்த ஜோடிகள் அதன்பின் தங்கள் உறவைப் பற்றிச் சொன்னது தெளிவாகவே உயர்ந்திருந்தது. பந்து உருட்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒன்றைச் சேர்ந்து செய்து தடுமாறுவதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு மாலத்தீவுக்குப் போக வேண்டியதில்லை. நீச்சல் தெரியாத இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம், இதுவரை இறங்காத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு நாள் திரியலாம்.

அதைவிடச் சுலபமானது, குறைந்துபோனதை எண்ணிப் பார்ப்பது. ஹஸ்டனின் குழு கேட்ட கேள்விகளை வருஷத்துக்கு ஒரு தடவை, உங்கள் கல்யாண நாளை ஒட்டி, உங்களிடம் நீங்களே கேட்டுக்கொள்ளலாம். நேற்று காலையிலிருந்து இன்று காலைவரை அவளை எதற்காவது பாராட்டினேனா? அவர் சொன்னதைக் கண்ணைப் பார்த்துக் கேட்டேனா? காரணமில்லாமல் ஒரு தடவை தொட்டேனா? நான்கைந்து நாள் சேர்ந்தாற்போலப் பதில் 'இல்லை' என்றே வந்தால், உங்கள் வீட்டில் இனிப்பு குறைகிறது. அதைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு கடினமல்ல, ஸ்டேஷன் வாசலில் வாரத்தில் ஒரு நாள் போய் நின்றாலே ஆரம்பமாகிவிடும்.

ஆனால் எல்லா மாற்றத்தையும் 'மோகம் தீர்ந்தது' என்ற கணக்கில் எழுதிவிடக் கூடாது. முப்பது மாத ஆய்வில் சரசரவென்று இறங்கியவர்களிடம் சோர்வு நோயும் ஒருவரையொருவர் தாக்கும் பழக்கமும் முன்னறிகுறிகளாகத் தெரிந்தன. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆசையில்லாமல் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால், அது இணையின் மேல் அன்பு போனதால் அல்ல. மனநல மருத்துவரிடம் போனால் தீரக்கூடிய நோயாக இருக்கலாம். கை நீட்டுவது, போனைப் பிடுங்கி வைப்பது, தாய்வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது, சம்பளத்தைப் பறித்துக்கொள்வது ஆகிய எதையும் "புதுசுல அப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லிப் பெண்ணைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதற்கு நாள் பார்க்கவும் வேண்டாம், தலைதீபாவளி முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையம் இரவு பகலாக இயங்குகிறது.